எட்டு மடங்கு வேகமாக்கியும் சம்பளப் பட்டியல் ஏன் இன்னும் இழுக்குது?

ஹட்டன் பொடியன்: எங்க தோட்டத்துக்கு மாதச் சம்பளப் பட்டியல் போடுற புரோகிராம் எழுதினேன். மொத்தம் 100 செக்கன். செக்ரோலை வாசிக்க 60, கொழுந்து கிலோ, ஈபிஎஃப் கணக்குக்கு 40. கணக்கை எட்டு கோருக்குப் பிரிச்சு எட்டு மடங்கு வேகமாக்கிட்டேன். ஆனா மொத்தம் 65 செக்கன் ஆகுது. எங்க தப்பு?

பண்டாரவளை மச்சான்: கோர் பத்தாது. 32 கோர் மெஷின் எடுங்க, பறக்கும்.

தலவாக்கலை டீச்சர்: தப்பே இல்ல தம்பி. 40 செக்கன் எட்டில ஒண்ணாகி 5 ஆச்சு, 60 அப்படியே நிக்குது. 100ஐ 65ஆல வகுத்தா 1.54 மடங்கு. மச்சான் சொல்ற 32 கோர்ல கணக்கு 1.25 செக்கன், மொத்தம் 61.25. காசு கொட்டி வாங்கினது 4 செக்கன்கூட இல்ல. கணக்கு நேரம் பூச்சியமானாலும் 60க்குக் கீழ போகாது. 1967லயே அம்டால் சொன்னது இதுதான்:

```
1 / ((1 - p) + p / s)
```

மொத்தம் எத்தனை மடங்கு வேகமாகும்னு இது சொல்லும். p வேகமாக்கின பகுதியோட பங்கு, s அதை வேகமாக்கின மடங்கு. இங்க p = 0.4, s = 8.

பண்டாரவளை மச்சான்: அது பழைய கதை டீச்சர். 1988ல கஸ்டஃப்சன் 1024 புரொசசர்ல ஆயிரம் மடங்குக்கு மேல காட்டினாரே?

தலவாக்கலை டீச்சர்: காட்டினார்தான், ஆனா புரொசசரோட சேர்த்து வேலையையும் பெருசாக்கினார். தம்பி பத்துத் தோட்டத்துக்குப் பட்டியல் போட்டா வாசிக்கிறதும் பத்து மடங்காகும். விகிதம் மாறாதே.

பண்டாரவளை மச்சான்: ஒருதரம் வாசிச்சிட்டு, சம்பளம் கூடினா என்னாகும்னு 12 விதமா கணக்குப் போட்டா? 60 + 480 = 540. எட்டு கோர்ல 60 + 60 = 120. நாலரை மடங்கு!

தலவாக்கலை டீச்சர்: அது சரியான கணக்கு. ஆனா தம்பி கேட்டது ஒரு பட்டியல்.

நுவரெலியா குளிர்: எனக்கும் இதே பிரச்சினை, எஸ்எஸ்டி போட்டேன், கேம் எல்லாம் சட்டுனு திறக்குது. நீங்களும் போடுங்க.

ஹட்டன் பொடியன்: டேட்டாபேஸ் கொழும்பு ஹெட் ஆபீஸ்ல இருக்கு அண்ணே. 1,200 பேர், ஆளுக்கொரு குவெரி.

தலவாக்கலை டீச்சர்: அப்ப குவெரிக்கு 50 மில்லிசெக்கன். கொழும்புக்குப் போய்வர்ற நேரமே அதில பெரும்பங்கா இருக்கும், எஸ்எஸ்டி அதைத் தொடாது. எல்லாரையும் ஒரே குவெரில எடுங்க. வாசிப்பு 20 செக்கனுக்கு இறங்கினாலே, கணக்கைத் தொடாமலே மொத்தம் 60. எத்தனை கோர் போட்டாலும் தாண்ட முடியாத அதே எல்லைக்கு இப்படியே வந்திடலாம். எட்டு கோரும் சேர்ந்தா 20 + 5 = 25, நாலு மடங்கு.

பண்டாரவளை மச்சான்: 20க்கு இறங்கும்னு யார் சொன்னா? ஹெட் ஆபீஸ் சேர்வர் மாசக் கடைசில தவழும்.

தலவாக்கலை டீச்சர்: அதை ஊகிக்க ஏலாது. ஒரு குவெரியை அங்க சேர்வர்லயே ஓட்டி நேரம் பாருங்க தம்பி. அங்கேயும் 50 மில்லிசெக்கன்னா மச்சான் சொல்றதுதான் சரி, குத்தம் சேர்வர்ல. 2 மில்லிசெக்கன்னா மிச்சமெல்லாம் வழியில போற நேரம்.

ஹட்டன் பொடியன்: ஹெட் ஆபீஸ்ல அனுமதி கேட்டிருக்கேன், திங்கக்கிழமை தருவாங்களாம்.