மறுமொழி: டிராக்டர் வாடகை 650 கட்டுப்படியாகுமா?

எல்லோருக்கும் வணக்கம்.

ஊரில் நாம் மணிக்கு 650 ரூபாய் வாடகைக்கு விடும் சங்க டிராக்டர் போன வருடம் 410 மணி நேரம் ஓடியதில், டீசல், டிரைவர் கூலி எல்லாம் போகச் சுமார் 28,000 ரூபாய் கையில் நிற்கிறது. அதை லாபம் என்று குவைத் அண்ணன் எழுதியிருந்தார். மன்னிக்கணும் அண்ணே, அது லாபம் இல்லை. வண்டி புதுசு, பெரிய செலவு எதுவும் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

ரோட்டவேட்டர் போட்டால் மணிக்கு 4 லிட்டர் குடிக்கிறது. லிட்டர் 93 என்றால் 372. டிரைவருக்கு 130. கத்தி, ஆயில், டயர், ரிப்பேருக்கு 80 எடுத்து வைக்கணும். இதுவரைக்கும் மணிக்கு 582, இது ஓடினால்தான் செலவு. ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் போகிற பணம் தனி. 7,20,000 கொடுத்து வாங்கினோம், பத்து வருடம் கழித்து 2 லட்சத்துக்குப் போனால் வருடத்துக்கு 52,000 தேய்மானம். இன்சூரன்ஸும் ஷெட்டும் 12,000. மழையில் வயல் இறங்க முடியாமல் டிரைவர் காத்திருந்த 60 நாளுக்குப் படி, நாளுக்கு 300 வீதம் 18,000. ஆக 82,000. இதை 410 மணிக்குப் பிரித்தால் மணிக்கு 200. மொத்தம் 782 ஆகிறது, நாம் வாங்குவது 650.

மழை ஏமாற்றி 300 மணிதான் ஓடியது என்றால் அந்த 200, 273 ஆகிவிடும். அதனால் 780 ஆக்கலாம் என்பது என் யோசனை.

(துபாய், கணக்குப் பார்ப்பவன்)

---

தம்பி, அரசு வேளாண் பொறியியல் துறை 500க்கு விடுகிறதே, நாம் ஏன் 780 கேட்கணும்? லாபம் வேண்டாம் என்றுதானே ஆரம்பித்தோம்?

(குவைத்)

---

அண்ணே, அரசுக்கு வண்டி வாங்கிய விலையை வாடகையில் எடுக்கணும்னு இல்லை, நாம் எடுக்கணும். ஆனால் தம்பி கணக்கிலும் ஒன்று விட்டுப்போச்சு. நம்முடையது 27 எச்பி, நாலடி ரோட்டவேட்டர். ஏக்கருக்கு ஒன்றரை மணிக்கு மேலேயே ஆகும். ஊரில் பெரிய வண்டிக்காரர் மணிக்கு 1,100 வாங்கினாலும் ஒரு மணியில் முடித்துவிட்டுப் போகிறார். 780 ஆக்கினால் நம்மிடம் ஏக்கருக்கு 1,250 வரும், யார் கூப்பிடுவார்கள்? மணி குறைந்தால் அந்த 200 இன்னும் ஏறும். பெரிய வண்டி நுழையாத தென்னந்தோப்பு, வாழைக்கு மட்டும் 780, வெட்ட வயலுக்குப் பழைய ரேட் என்று வைத்துப் பார்க்கலாமே. நான் லீவில் போனபோது பார்த்தேன், தோப்புக்காரர்கள் ரேட்டே கேட்கவில்லை, எப்போ வரும் என்றுதான் கேட்டார்கள்.

(மஸ்கட், பழைய டிராக்டர் மெக்கானிக்)

---

எங்க அப்பாவுக்கு அரை மணி உழுததுக்கு ஒரு மணிக் காசு வாங்கிட்டாங்க. அதை முதல்ல சொல்லுங்க.

(லண்டன்)

---

அக்கா, ஷெட்டிலிருந்து வந்து போகிற நேரத்தையும் டிரைவர் சேர்த்திருப்பார். மீட்டரை ஷெட்டில் பார்ப்பதா, வரப்பில் பார்ப்பதா என்று நாம் இன்னும் முடிவே பண்ணவில்லை. வரப்பில் என்றால் வந்து போகிற நேரத்துக்குக் காசு வராது, என் 782 இன்னும் ஏறும். ஞாயிறு பேசலாம்.

(துபாய்)