கலைச்சொல் விவாதம்: ‘பேஸ்லைன் வெயிட்’டைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர், பாளையங்கோட்டை:

எல்லோருக்கும் வணக்கம். கிராமச் செவிலியர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அதில் பிறந்த குழந்தையின் எடையைப் பற்றிய பக்கத்தில் நின்றுவிட்டேன். பிறந்த முதல் சில நாளில் பிள்ளையின் எடை இறங்கும், பிறகு ஏறும். எத்தனை சதவீதம் இறங்கியது என்பதை வைத்துத்தான் அடுத்து என்ன செய்வது என்று முடிவெடுக்கிறார்கள். இந்தச் சதவீதத்துக்கு ‘எடைக்குறைவு விழுக்காடு’ என்றும், எதிலிருந்து கணக்கிடுகிறோமோ அந்த ‘பேஸ்லைன் வெயிட்’டுக்குத் ‘தொடக்க எடை’ என்றும் போட்டிருக்கிறேன். இரண்டுமே மனசுக்கு ஒட்டவில்லை. உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

கிராமச் செவிலியர், முக்கூடல் பக்கம்:

சார், ‘எடைக்குறைவு’ வேண்டாம். எங்கள் பதிவேட்டில் எடைக்குறைவான பிள்ளை என்றால் இரண்டரைக் கிலோவுக்குக் கீழே பிறந்த பிள்ளை. மூன்றேகால் கிலோவில் பிறந்த பிள்ளைக்கும் எடை இறங்கத்தான் செய்யும். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் புதிதாக வரும் தங்கச்சிகள் குழம்பிப் போவார்கள். ‘இழப்பு’ என்றும் போடாதீர்கள். எங்கள் ஊரில் ‘அந்த வீட்டில் ஒரு இழப்பு’ என்றால் சாவு. பெற்று நாலு நாள் ஆன தாயிடம் அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? ‘எடை இறக்கம்’ என்றே இருக்கட்டும்.

‘தொடக்க எடை’யால் என்ன ஆகும் என்பதற்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். தலைப்பிரசவம், சுகப்பிரசவம். பிறந்தபோது 3,100 கிராம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் 2,850 என்று எழுதியிருந்தார்கள். ஐந்தாம் நாள் நான் வீட்டுக்குப் போய் நிறுத்தபோது 2,760. கூட வந்த புதுச் செவிலியர் பிள்ளை சீட்டின் மேல்வரியைப் பார்த்து 2,850-லிருந்து 90 கிராம், மூன்று சதவீதம், பரவாயில்லை என்று எழுதிவிட்டது. அதுக்கு அதுதான் ‘தொடக்க’ எடை. வீட்டுப் பொறுப்பு அதுக்குத் தொடங்கியது அந்த எடையிலிருந்துதானே.

நான் பிறப்புச் சீட்டைத் தேடி எடுத்தேன். 3,100-லிருந்து 340 கிராம் போயிருக்கிறது. 340-ஐ 3,100-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 11 சதவீதம். பத்தைத் தாண்டிவிட்டது. அதோடு ஐந்தாம் நாளிலும் இறங்கிக்கொண்டே இருக்கிறது, ஏற ஆரம்பித்திருக்க வேண்டிய நேரம். துணியைப் பார்த்தால் செங்கல் பொடி நிறத்தில் கறை. முந்தின நாளிலிருந்து ஒன்றுக்குப் போனது இரண்டே தடவை என்றாள் ஆத்தா. பிள்ளை அழவே இல்லை, ‘சமத்துப் பிள்ளை’ என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். இரத்தத்தில் சோடியம் 152-க்கு ஏறியிருந்தது, உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். தாய்க்குப் பால் இருந்தது, பிள்ளை காம்பை மட்டும் சப்பிக்கொண்டிருந்திருக்கிறது. வாய் பிடிக்கும் விதத்தைச் சரிசெய்து, பீய்ச்சிய பாலையும் சங்கில் புகட்டினார்கள். பன்னிரண்டாம் நாள் 3,110.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அம்பாசமுத்திரம்:

செவிலியர் தங்கச்சி சொன்னதைப் படித்துவிட்டு எழுதுகிறேன். எங்கள் கணக்கில் இதற்குச் சொல் ஏற்கனவே இருக்கிறது: முதல். வட்டி எத்தனை சதவீதம் என்றால் எந்த முதலுக்கு என்ற கேள்வி கூடவே வரும். அதனால் ‘முதலெடை’ என்று சொல்லலாம். கடைக்காரரும் விவசாயியும் கேட்டவுடன் பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று. கிராமைச் சொல்வதைவிடச் சதவீதத்தைச் சொல்வதுதான் சரி. அதே 340 கிராம் 2,200-ல் பிறந்த பிள்ளைக்குப் போயிருந்தால் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வரும். சதவீதத்தில் எழுதிவிட்டால் வரவு செலவு மாதிரி நேராகிவிடும்: 11 சதவீதம் இறங்கிற்று, 11 சதவீதம் ஏறிற்று, பழைய எடைக்கு வந்தாச்சு என்று ஒரு வரியில் முடிக்கலாம்.

வள்ளியூரிலிருந்து ஒருவர்:

இந்தப் பேச்சைப் பார்த்ததும் அப்பா ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் பெரியவர்களுக்கும் சேர்த்துத்தானே கேட்கிறீர்கள்? அவருக்கு 71 வயது. சாப்பாடு இறங்கவில்லை என்று ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சேர்த்த அன்று 62 கிலோ, பத்து நாளில் 60. இரண்டு கிலோதான், மூன்று சதவீதம்தான், கவலைப்படாதீர்கள் என்றார்கள். அம்மாதான் சொன்னாள், ஆறு மாதம் முன்னால் கோயில் கொடை நேரத்தில் ரைஸ்மில் தராசில் விளையாட்டாக ஏறி நின்றார், 68 காட்டியது என்று. அதை யாரும் கேட்டு எழுதவில்லை. இவர்களுக்கு முதல் எடை 62, எங்களுக்கு 68. எதைப் போடுவது?

குழந்தை மருத்துவர், திருநெல்வேலி:

வள்ளியூர்த் தம்பி, கேள்வி குழந்தைகளைப் பற்றித்தான் வந்தது. ஆனாலும் நீங்கள் சொன்னதை வைத்தே என் தயக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்பாவுக்கு 68-லிருந்து 60 என்றால் கிட்டத்தட்ட 12 சதவீதம். பெரியவர்களுக்கு ஆறு மாதத்தில் தானாக ஐந்து சதவீதத்துக்கு மேல் இறங்கினாலே ஊட்டச் சத்து நிலையைப் பார்க்க வேண்டும். அங்கே கணக்கின் அடி நோய்க்கு முந்தைய வழக்கமான எடை. சேர்த்த அன்றைய எடை அல்ல. ரைஸ்மில் தராசின் 68 துல்லியமானது அல்ல, ஆனால் இரண்டொரு கிலோ பிசகினாலும் முடிவு மாறாது. அவருடைய மருத்துவரிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இப்போது ‘முதலெடை’. அண்ணாச்சி, உவமை அருமை. ஆனால் எழுதினால் ‘முதலில் எடுத்த எடை’ என்றுதான் படிப்பார்கள், அந்தப் புதுப்பிள்ளை படித்த மாதிரி. முதலில் எடுத்த எடையே தவறான அடியாகவும் இருக்கலாம். ஊட்டக்குறைவால் கால் வீங்கிய குழந்தை 8 கிலோவோடு வருகிறது என்று வையுங்கள். சிகிச்சையில் நீர் வடிந்து 7.2 ஆகிறது. சதவீதம் போட்டால் 10 இறக்கம், உண்மையில் குழந்தை தேறுகிறது. அப்புறம் சதை பிடித்து 8.1 ஆனால், சேர்த்த எடையிலிருந்து ஏற்றம் ஒன்றேகால் சதவீதம்தான், தாய் சோர்ந்து போவாள். வீக்கம் வடிந்த 7.2-லிருந்து கணக்கிட்டால் 12.5. அங்கே அதுதான் அடி.

அண்ணாச்சியின் வரவு செலவுக் கணக்கிலும் ஒரு பிசகு. முக்கூடல் பிள்ளை 2,760-க்கு இறங்கிய பிறகு அதில் 11 சதவீதம் ஏறினால் 304 கிராம்தான். 3,064-ல் நின்றுவிடும். இறங்கிய அதே 340 கிராமை மீட்க 2,760-ல் 12.3 சதவீதம் ஏற வேண்டும். அடி மாறினால் ஒரே கிராமுக்கு இரண்டு வெவ்வேறு சதவீதம் வரும். அதனால் பிறந்த குழந்தைக்கு இறக்கம், ஏற்றம் இரண்டையும் பிறப்பெடையை வைத்தே சொல்வது நல்லது. ஏழு சதவீதம் தாண்டினால் பாலூட்டுவதை உட்கார்ந்து கவனிக்கிறோம், பத்து தாண்டினால் மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். பத்து முதல் பதினான்கு நாளுக்குள் பிறப்பெடைக்குத் திரும்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

பிறப்பெடையிலும் ஒரு சிக்கல் உண்டு. சிசேரியனுக்கு முன் தாய்க்கு நரம்பில் நிறைய திரவம் ஏற்றியிருந்தால், அதில் கொஞ்சம் பிள்ளைக்கும் போய்ப் பிறப்பெடையைக் கூட்டிக் காட்டும். முதல் நாளே அது சிறுநீராகப் போய்விடும், சதவீதம் பெரிதாகத் தெரியும். அதனால் 24 மணி நேர எடையை அடியாக வைக்கலாம் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை. ஏழு, பத்து என்ற எல்லைகள் பிறப்பெடையை வைத்துப் பழகியவை. அடியை மட்டும் மாற்றிவிட்டு எல்லையை அப்படியே வைத்தால் உண்மையில் காய்ந்துபோன பிள்ளையும் நம் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், அம்பாசமுத்திரம்:

டாக்டரம்மா, திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். முதல் குறைந்த பிறகு அதே வட்டி வீதத்தில் பழைய தொகை வராது, நாற்பது வருஷம் பார்த்த கணக்கு, இங்கே தோன்றவில்லை. ‘முதலெடை’யைத் திரும்பப் பெறுகிறேன். நீங்கள் ‘அடி’ என்றே பல இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ‘அடியெடை’?

மொழிபெயர்ப்பாளர், பாளையங்கோட்டை:

‘அடியெடை’ எனக்குப் பிடிக்கிறது. ‘ஒப்பெடை’ என்றும் யோசித்தேன், அது ஏட்டுச் சொல்லாக நிற்கிறது. பொதுச் சொல்லாக அடியெடையை வைத்துவிட்டு, எந்த அடி என்பதைப் பெயரிலேயே காட்டிவிடலாம்: பிறப்பெடை, நோய்க்கு முந்தைய எடை, வீக்கம் வடிந்த எடை. குழந்தையின் எடை அட்டையில் ‘எடை இறக்கம் 11%’ என்று மொட்டையாக வராது, ‘பிறப்பெடையிலிருந்து 11% இறக்கம்’ என்று வரும். விழுக்காடா சதவீதமா என்பதை இப்போதைக்கு விட்டுவிடுகிறேன்.

கிராமச் செவிலியர், முக்கூடல் பக்கம்:

சதவீதம் போடுங்கள் சார், வாயில் வருவது அதுதான்.

அட்டையில் எடைக்குப் பக்கத்தில் ‘எப்படி நிறுத்தது’ என்று ஒரு சின்னக் கட்டமும் வேண்டும். பிறந்தபோது வெறும் உடம்போடு நிறுப்பார்கள். நான் போகும்போது சட்டை, நனைந்த துணி, சில வீட்டில் வெள்ளி அரைஞாணும் ஏறியிருக்கும். எல்லாம் சேர்ந்து நூறு கிராம் வந்தால், 3,100-ல் பிறந்த பிள்ளைக்கு மூன்று சதவீதம் மறைந்துவிடும், 11 இருப்பது 8 என்று தெரியும். அதே மாதிரி, பழைய ஸ்பிரிங் தராசில் நூறு கிராமுக்கு ஒரு கோடுதான். அதில் நிறுத்துவிட்டு அடியெடையைச் சரியாகப் போட்டும் பயனில்லை. ஐந்து கிராம், பத்து கிராம் காட்டும் தராசு வேண்டும், இரண்டு எடையும் ஒரே தராசில் என்றால் இன்னும் நல்லது.

டாக்டரம்மாவிடம் ஒரு கேள்வி. சில பிள்ளை ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே ஆட்டோவில் பிறந்துவிடும். யாரும் நிறுக்கவில்லை, மறுநாள்தான் தராசில் வைக்கிறோம். அதுக்குப் பிறப்பெடையே கிடையாது. அந்தக் கட்டத்தில் என்ன எழுத?

குழந்தை மருத்துவர், திருநெல்வேலி:

பிறப்பெடைக் கட்டத்தில் கோடு போட்டுவிடுங்கள் சிஸ்டர், மறுநாள் எடையை அங்கே எழுதவே கூடாது. அடியெடை என்ற கட்டத்தில் எடை, பக்கத்தில் ‘பிறந்து இத்தனை மணி நேரம்’. அதற்குள் எவ்வளவு இறங்கியிருக்கும் என்று நமக்குத் தெரியாது, அதனால் அந்தப் பிள்ளைக்கு வரும் சதவீதம் உண்மையைவிடக் குறைவாகத்தான் இருக்கும். ஏழு, பத்து என்று எண்ணிக்கொண்டிருக்காமல் நனைந்த துணியையும் பால் குடிப்பதையும் பார்த்து ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். இப்படி வரும் எடைக்குத் தனிப்பெயர் வேண்டுமா என்று மொழிபெயர்ப்பாளர் யோசிக்கட்டும். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.