நீண்ட செய்திச் சுருக்கம் ட்வீட்டுக்குள் அடங்கவில்லை, உதவி தேவை

உச்சிப்புளி இளையவன்
அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தின் பக்கத்தில் நாளைக் காலைக்குள் ஒரு செய்தியைப் பதிய வேண்டும். செய்தியைப் படித்துச் சுருக்கம் எழுதிவிட்டேன். ஆனால் அது ஒரே பதிவுக்குள் அடங்க மறுக்கிறது. எத்தனை முறை வெட்டினாலும் எண்ணிக்கை சிவப்பிலேயே நிற்கிறது. முக்கியமான செய்தி முதலில் வர வேண்டும் என்று மன்றத் தலைவர் சொல்லியிருக்கிறார். எதை வெட்டுவது, எதை வைப்பது என்று யாராவது உடனே சொல்லுங்கள்.

கீழக்கரை வாசகி
தம்பி, எந்தத் தளத்தில் பதிகிறீர்கள், எது பற்றிய செய்தி, இணைப்பும் சேர்த்துப் பதிகிறீர்களா என்ற மூன்றையும் நீங்கள் சொல்லவில்லை. சுருக்கத்தை இங்கே ஒட்டாமல் எதை வெட்டுவது என்று எங்களால் எப்படிச் சொல்ல முடியும்?

எழுத்தெண்ணி
சிவப்பு எண் என்றால் அது எக்ஸ் தளமாகத்தான் இருக்கும். அங்கே 280 என்பது ஆங்கிலத்துக்கு மட்டுமே உரிய கணக்கு; மற்ற மொழிகளின் ஒவ்வோர் எழுத்தையும் அவர்கள் இரண்டாக எண்ணுகிறார்கள். ஆகவே தமிழில் 140தான் கிடைக்கும். உங்கள் சிக்கலுக்குக் காரணம் அதுவே என்று நினைக்கிறேன்.

சேதுக்கரை மூத்த உறுப்பினர்
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துபோன ஒன்று; பழைய இழைகளைத் தேடிப் படித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். சுருக்கம் எழுதத் தெரிந்தவருக்கு அதை மேலும் சுருக்கத் தெரியவில்லை என்றால், செய்தியின் உயிர்நிலை எது என்பது அவருக்குப் பிடிபடவில்லை என்றுதான் பொருள். முதலில் அதைக் கண்டுபிடித்துவிட்டு வாருங்கள்.

உச்சிப்புளி இளையவன்
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். எக்ஸ் தளம்தான், கட்டணம் செலுத்தாத கணக்கு, செய்தியின் இணைப்பும் சேர வேண்டும். நான் எழுதிய சுருக்கம் இது:

"கடலில் மீன்வளம் குன்றாமல் இருக்கும் பொருட்டு, மீன்கள் முட்டையிட்டு இனப்பெருக்கம் செய்யும் பருவத்தைக் கருத்தில் கொண்டு ஆண்டுதோறும் விதிக்கப்படுவதும், முன்பு 45 நாட்களாக இருந்து பின்னர் 61 நாட்களாக நீட்டிக்கப்பட்டதுமான மீன்பிடித் தடை, திருவள்ளூர் முதல் கன்னியாகுமரி வரையிலான கிழக்குக் கடலோரத்தில் இவ்வாண்டும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நடைமுறையில் இருக்கும் என்றும், ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், தொண்டி உள்ளிட்ட இடங்களில் விசைப்படகுகள் கரையில் நிறுத்தப்படும் என்றும், இந்நாட்களில் படகுகளையும் வலைகளையும் பழுதுபார்க்கும் பணிகள் நடைபெறும் என்றும், நாட்டுப்படகுகளுக்கு இத்தடை பொருந்தாது என்றும் தெரிவிக்கப்பட்டுள்ளது."

சேதுக்கரை மூத்த உறுப்பினர்
இதில் என்ன கடினம் இருக்கிறது? "ஏப்ரல் 15 முதல் மீனவர்கள் கடலுக்குச் செல்லத் தடை." அவ்வளவுதான் செய்தி. இணைப்பைக் கீழே போடுங்கள். விவரம் வேண்டியவர்கள் திறந்து படித்துக்கொள்வார்கள்.

தொண்டி ஐஸ் வியாபாரி
ஐயா, தாங்கள் எழுதிய அதே வாக்கியத்தால் ஒருமுறை நான் நட்டப்பட்டேன், அதனால் சொல்கிறேன். தொழிலுக்கு வந்த முதல் ஆண்டில், "மீன்பிடிக்கத் தடை" என்று மட்டும் எழுதிய ஒரு பதிவு எனக்கு வந்து சேர்ந்தது. கடலுக்கு யாருமே போகமாட்டார்கள் என்று எண்ணி ஐஸ் கட்டிகளுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாட்டுப்படகுக்காரர்கள் வழக்கம்போலப் போய் வந்தார்கள். கரைக்கு வந்த மீனுக்கு வைக்க ஐஸ் இல்லாமல் மூன்று நாட்கள் எல்லோரும் அலைந்தோம். அந்தப் பதிவின் கீழும் இணைப்பு இருந்தது. நான் திறக்கவில்லை, என்னைப் போன்றவர்கள் திறக்கவும் மாட்டார்கள்.

ஓய்வுபெற்ற துணையாசிரியர்
ஐஸ் வியாபாரி சொன்னதிலிருந்தே தொடங்கலாம். செய்தியில் எது முதன்மையானது என்பதை, "இதைப் படித்ததும் யார் தம் நாளைய வேலையை மாற்றிக்கொள்வார்" என்று கேட்டுத்தான் நான் முடிவு செய்வேன். விசைப்படகு உரிமையாளரும் அதில் வேலை செய்பவரும் மாற்றிக்கொள்வார்கள். நாட்டுப்படகுக்காரர் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. ஆகவே யாருக்கு, எப்போது முதல், எப்போது வரை என்ற மூன்றும் ஒரே மூச்சில் வந்தாக வேண்டும். சேதுக்கரை நண்பரின் வாக்கியத்தில் "எப்போது முதல்" மட்டுமே இருக்கிறது. "யாருக்கு" என்பதில் "மீனவர்கள்" என்று எழுதியதால் அது சுருக்கமாக இருப்பதோடு தவறாகவும் ஆகிவிட்டது. முதன்மைச் செய்தி முதலில் வர வேண்டும் என்று அவர் கொண்ட கொள்கை மட்டும் சரியே.

இளையவன் தம்பி, உங்களுடைய சிக்கல் நீளத்தில் இல்லை, வாக்கியத்தின் அமைப்பில் இருக்கிறது. தமிழில் வினைமுற்று கடைசியில் வருவதால், "பொருட்டு", "கருத்தில் கொண்டு", "விதிக்கப்படுவதும்" என்று காரணங்களை முன்னால் அடுக்கிக்கொண்டே போனால் தேதி நடுவில் புதைந்துவிடுகிறது. நீங்கள் பின்னாலிருந்து வெட்டும்போது முதலில் போவது நாட்டுப்படகு பற்றிய விலக்கு. இன்னும் கொஞ்சம் வெட்டினால் தேதியும் போய், வெறும் காரணம் மட்டுமே மிஞ்சுகிறது. எனவே இதை வெட்டாதீர்கள். தள்ளி வைத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். முதல் வாக்கியத்தை வினையே இல்லாமல் பெயரில் முடித்துவிட்டால் காத்திருக்கும் வேலை வாசகருக்கு இல்லை:

"விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகள் கடலுக்குச் செல்லலாம். மீன் இனப்பெருக்கத்துக்காகக் கிழக்குக் கடலோரம் முழுவதும் இத்தடை."

முதல் வாக்கியத்தோடு நிறுத்தினாலும் செய்தி பொய்யாகாது, இரண்டாவதோடு நிறுத்தினாலும் பொய்யாகாது. எந்த முற்றுப்புள்ளியில் அறுத்தாலும் மிஞ்சுவது உண்மையாக இருக்கிறதா என்று பார்ப்பதே என் சோதனை. பழுதுபார்ப்பு, பழைய 45 நாள், ஊர்ப் பெயர்கள் ஆகியவை நல்ல தகவல்களே. அவற்றுக்கு இணைப்பு இருக்கிறது.

எழுத்தெண்ணி
ஆனால் இது 140ஐத் தாண்டும் போலிருக்கிறதே?

ஓய்வுபெற்ற துணையாசிரியர்
தமிழை அவர்கள் இரட்டிப்பாக எண்ணுவதில்லை. சீனம், ஜப்பானியம், கொரியம் போன்றவற்றின் எழுத்துகளைத்தான் இரண்டாக எண்ணுகிறார்கள். நீங்கள் கேள்விப்பட்டது அதுவாக இருக்கும். ஆயினும் உங்கள் கணக்கு ஏன் ஏறத்தாழ ஒத்துவருவதுபோலத் தோன்றுகிறது என்றால், புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியாக எண்ணப்படுகின்றன. "நாட்டுப்படகுகள்" என்பது நம் கண்ணுக்கு 9 எழுத்து. அவர்களுடைய கணக்கில் அது 15. மாறாக "வரை" என்பதில் இரண்டு எழுத்து மூன்றாகிறது, எண்களும் இடைவெளிகளும் ஒன்றாகவே நிற்கின்றன. ஆகவே மெய்யெழுத்து மிகுந்த சொற்களைத் தவிர்த்தால் இடம் மிச்சமாகும்.

மேலே எழுதியதை விரல்விட்டு எண்ணினேன். முதல் வாக்கியம் 69, இரண்டாவது முடியும்போது 107, மூன்றாவது முடியும்போது 171. இணைப்பு எவ்வளவு நீளமாக இருந்தாலும் 23 என்றே கணக்கு. இடைவெளியோடு மொத்தம் 195. மீதி 85 இருக்கிறது, அதை நிரப்பத்தான் வேண்டும் என்பதில்லை. கணினி உள்ளவர்கள் இணைப்பு நீங்கலான பகுதியைப் பைத்தானில் இப்படிச் சரிபார்க்கலாம். ஆனால் ஒரு படக்குறி சேர்த்தால் அங்கே அது இரண்டாக எண்ணப்படும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்:

```
import unicodedata
len(unicodedata.normalize("NFC", s))
```

எழுத்தெண்ணி
எண்ணிப் பார்த்தேன், 171 வருகிறது. இரட்டிப்பு என்று நான் சொன்னது தவறு. எனினும் தமிழ் எழுதுபவருக்குக் கிடைக்கும் இடம் ஆங்கிலத்தில் எழுதுபவருக்குக் கிடைப்பதைவிடக் குறைவு என்பதில் நான் உறுதியாகவே இருக்கிறேன்.

பாம்பன் கடற்காற்று
இவ்வளவு சிரமம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. மூன்று பதிவுகளாகப் பிரித்து 1/3, 2/3, 3/3 என்று தொடராகப் போட்டால் முழுச் சுருக்கமும் வந்துவிடுமே. எங்கள் ஊர்த் திருவிழா அறிவிப்பை நான் அப்படித்தான் போட்டேன்.

கீழக்கரை வாசகி
தம்பி ஒரே பதிவு என்று கேட்டிருக்கிறார். அதோடு, மற்றவர்கள் பகிர்வது பெரும்பாலும் முதல் பதிவை மட்டும்தான். அதில் காரணம் மட்டும் இருந்து, விலக்கு மூன்றாவதில் இருந்தால், ஐஸ் வியாபாரிக்கு நேர்ந்ததே இன்னொருவருக்கும் நேரும்.

சேதுக்கரை மூத்த உறுப்பினர்
துணையாசிரியரின் வடிவத்தில் ஒரு குறை இருக்கிறது. துறைமுகத்தில் எல்லோரும் "ஏப்ரல் 14 நள்ளிரவு முதல்" என்றுதான் சொல்வார்கள். மக்கள் வழக்கை விட்டுவிட்டு ஏப்ரல் 15 என்று எழுதினால், 15ஆம் தேதி விடியற்காலையில் போய்வரலாம் என்று ஒருவர் எண்ணிக்கொள்ள இடமிருக்கிறது.

ஓய்வுபெற்ற துணையாசிரியர்
பேச்சில் அது விளங்கும். எழுத்தில் "14 நள்ளிரவு" என்றால் 13ஆம் தேதி இரவு முடியும் நேரமா, 14ஆம் தேதி இரவு முடியும் நேரமா என்ற குழப்பம் வரும். அதற்காகத்தான் 61 என்ற எண்ணை விடாமல் வைத்தேன். ஏப்ரலில் 16 நாள், மே மாதத்தில் 31, ஜூனில் 14; கூட்டினால் 61. இரண்டு நாட்களும் தடைக்குள் அடங்கும் என்பதை ஐயமுள்ளவர் தாமே கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

சேதுக்கரை மூத்த உறுப்பினர்
கடலுக்குப் போகிறவர் ட்வீட்டைக் கூட்டிப் பார்க்கமாட்டார். 85 இடம் மீதியிருக்கும்போது "நள்ளிரவு" என்ற சொல்லைச் சேர்ப்பதில் என்ன தயக்கம் என்பது எனக்கு விளங்கவில்லை.

தொண்டி ஐஸ் வியாபாரி
நான் தேதியைப் பார்த்துத்தான் ஐஸுக்குச் சொல்கிறேன். நள்ளிரவு என்று போட்டால் எனக்கு ஒரு நாள் தடுமாற்றம் வரும். படகுக்காரர்களுக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

மண்டபம் வள்ளக்காரர் மகள்
ஒரு சந்தேகம். எங்கள் அப்பாவின் வள்ளத்தில் பின்பக்கம் எஞ்சின் மாட்டியிருக்கிறது. "நாட்டுப்படகுகள் கடலுக்குச் செல்லலாம்" என்ற வரிக்குள் நாங்கள் வருகிறோமா? வருகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் இதுவரை போய்வருகிறோம்.

ஓய்வுபெற்ற துணையாசிரியர்
மகளே, மூலச் செய்தி "நாட்டுப்படகு" என்றுதான் சொல்கிறது, எஞ்சின் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சுருக்குகிறவர் மூலத்தில் இல்லாத விளக்கத்தைத் தாமாகச் சேர்க்கக் கூடாது; அதே சமயம், "செல்லலாம்" என்ற என் சொல் மூலத்தின் "பொருந்தாது" என்பதைவிடச் சற்றுக் கூடுதலாக அனுமதி தருவதுபோல ஒலிக்கிறது என்பதை உங்கள் கேள்விக்குப் பிறகுதான் உணர்கிறேன். "நாட்டுப்படகுகளுக்குப் பொருந்தாது" என்று மாற்றுவதே நேர்மை. உங்கள் வள்ளத்தைப் பற்றி மீன்வளத் துறை அலுவலகத்தில் பதிவுச் சான்றைக் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உச்சிப்புளி இளையவன்
பதிந்துவிட்டேன். "பொருந்தாது" என்று மாற்றியே போட்டேன், நள்ளிரவைச் சேர்க்கவில்லை. அனைவருக்கும் நன்றி. பதிவின் கீழே இரண்டு பேர் எஞ்சின் வள்ளத்தைப் பற்றித்தான் கேட்டிருக்கிறார்கள். அக்கா, உங்களுக்கு அலுவலகத்தில் பதில் கிடைத்தால் இங்கே எழுதுங்கள்.