சான்றிதழா, போர்ட்ஃபோலியோவா? புதுச்சேரி ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களில் எது எடுபடும்?

மஞ்சக்குப்பம் தம்பி:
ஊர் கடலூர். ஐ.டி.ஐ.யில் டிராஃப்ட்ஸ்மேன் சிவில் இரண்டு வருடம் முடித்துவிட்டு, தனியார் நிலையம் ஒன்றில் ஆறு மாத இன்டீரியர் கோர்ஸும் படித்தேன். புதுச்சேரியில் இரண்டு ஆர்க்கிடெக்ட் அலுவலகங்களுக்குப் போனேன். இரண்டு இடத்திலும் சான்றிதழைக் கையில்கூட வாங்கவில்லை. போர்ட்ஃபோலியோவைப் புரட்டிவிட்டு, "சொல்லி அனுப்புகிறோம்" என்றார்கள். அதில் 22 படங்கள், எல்லாமே 3டி ரெண்டர். இன்னும் ஒரு வருட டிப்ளமோ சேரலாமா, போர்ட்ஃபோலியோவைத் திருத்தலாமா?

பழைய பொதுப்பணி:
தம்பி, டிப்ளமோவில் சேருங்கள். தனியார் அலுவலகம் இன்று இருக்கும், நாளை இருக்காது. அரசு வரைவாளர் வேலைக்குச் சான்றிதழ் இல்லையென்றால் விண்ணப்பமே உள்ளே போகாது. அங்கே யாரும் போர்ட்ஃபோலியோ கேட்பதில்லை. அதோடு, சான்றிதழ் இல்லாமல் இன்டீரியர் டிசைனர் என்று போர்டு மாட்டுவதே சட்டப்படி தப்பு.

உப்பளம் வரைமேசை:
சார், அரசு வேலை பற்றிச் சொன்னது சரி. போர்டு விஷயம் சரியில்லை. 1972ஆம் வருடத்து ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டம் 'ஆர்க்கிடெக்ட்' என்ற பெயருக்குத்தான் காவல். இன்டீரியர் டிசைனர் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். அதனால்தான் அந்த ஆறு மாதச் சான்றிதழுக்கு அலுவலகத்தில் எடை கிடையாது.

தம்பி, அந்த 22 படங்களில் அளவு போட்ட வரைபடம் ஒன்றாவது உண்டா? சின்ன அலுவலகத்தில் ரெண்டர் போட ஏற்கெனவே ஒருவர் இருப்பார். இங்கே வரும் வேலையில் பாதி பழைய வீடுதான். அதை அளந்து வரையத்தான் ஆள் கிடைப்பதில்லை. நாங்கள் வேலை கேட்டு வருபவரிடம் ஒரு டேப்பைக் கொடுத்து, பழைய வீட்டின் ஓர் அறையை அளந்து வரச் சொல்வோம்.

போன வருடம் வந்த பையன் நாலு சுவரையும் ஒழுங்காகவே அளந்தான். எதிரெதிர்ச் சுவர்கள் ஒரு ஜோடி 4.20 மீட்டர், இன்னொரு ஜோடி 5.60 மீட்டர். ஆட்டோகேடில் அழகான செவ்வகம் வரைந்து கொடுத்தான். மூலைக்கு மூலை அளந்தாயா என்றால் இல்லை என்றான். அறை செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் சரியாக 7 மீட்டர் வரவேண்டும். போய் அளந்தால் ஒன்று 7.12, மற்றது 6.88. நாலு சுவரின் நீளமும் சரிதான், ஆனால் அறையே ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 4.20 சுவரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவதற்குள் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் விலகல். அந்தச் செவ்வகத்தை நம்பி டைல்ஸ் போட ஆரம்பித்தால், ஒரு மூலையில் முழுக்கல் உட்காரும், மறு மூலையில் 15 சென்டிமீட்டர் ஆப்பு விழும். 60 சென்டிமீட்டர் ஆழ அலமாரியை மூலையில் வைத்தால் சுவரோரம் இரண்டு சென்டிமீட்டர் வாய் பிளந்து நிற்கும்.

ரெட்டியார்பாளையம் சைட்:
அண்ணா, போர்ட்ஃபோலியோவை அவ்வளவு நம்பாதீர்கள். எங்களிடம் வந்த ஒருவர் காட்டிய ஷீட் ஒன்றில் எங்கள் அலுவலகப் படிக்கட்டே இருந்தது! தலைப்புக் கட்டத்தை மட்டும் அழித்திருந்தார். சான்றிதழையாவது எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம்.

உப்பளம் வரைமேசை:
உண்மைதான், நானும் ஏமாந்திருக்கிறேன். அதனால்தான் பி.டி.எஃப்.பை வைத்து முடிவு செய்வதில்லை, ஃபைலையே திறக்கச் சொல்வோம். ஏதாவது ஒரு சுவரை `STRETCH` போட்டு அளவுக் கோட்டோடு சேர்த்து இழுக்கச் சொன்னால் எண் தானாக மாறவேண்டும். மாறாமல் நின்றால் அளவைக் கையால் தட்டியிருக்கிறார் என்று அர்த்தம். சந்தேகம் வந்தால் `DIST` போட்டு இரண்டு புள்ளிகளைத் தொடச் சொல்வேன். 3000 என்று எழுதிய இடத்தில் 2937 வரும். அப்புறம், இந்த அளவை எங்கிருந்து எடுத்தாய் என்று ஒரு கேள்வி. தானே அளந்தவர் கதவு நிலையிலிருந்து என்றோ பூச்சின் மேலிருந்து என்றோ உடனே சொல்லிவிடுவார்.

பழைய அலுவலகத்து ஷீட்டைக் காட்டலாம். கேட்டுவிட்டுக் காட்டவேண்டும், அதில் நம் கை எவ்வளவு என்றும் எழுதவேண்டும்.

முத்தியால்பேட்டை அக்கா:
நான் டிப்ளமோ முடித்தவள்தான். ஐந்து வருடமாக மாடுலர் கிச்சன் வேலை, இதுவரை ஒருவர்கூடச் சான்றிதழ் கேட்கவில்லை. வீட்டுக்காரர்கள் பார்ப்பது ரெண்டரைத்தான், அதனால் தம்பியின் 22 படம் வீண் இல்லை. அது இருக்கட்டும், ஒரு சந்தேகம். என் தங்கை வீட்டு பிளான் அப்ரூவலுக்கு டிராஃப்ட்ஸ்மேன் கையெழுத்துப் போட்டால் போதுமா?

ரெட்டியார்பாளையம் சைட்:
போதாது அக்கா. வரைவது யாராக இருந்தாலும், அதற்கென்று பதிவோ உரிமமோ பெற்றவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். ஆனால் தம்பி கேட்டது அலுவலக வேலை. உங்களிடம் வருகிறவர் வீட்டுக்காரர், எங்களிடம் அந்தப் படத்தை வைத்துக் கட்டப்போகிறவர் மேஸ்திரி.

பழைய பொதுப்பணி:
வரைமேசையாரிடம் ஒன்று கேட்கிறேன். அந்த மூலைவிட்டச் சமாசாரத்தை ஐ.டி.ஐ.யிலேயே சொல்லித் தருகிறார்களே. செயின் சர்வேயில் செக் லைன் என்பது வேறென்ன? ஒழுங்காகப் படித்தவனுக்கு உங்கள் டேப் பரீட்சை ஒன்றுமே இல்லை. இரண்டு வருடப் படிப்பையும் ஆறு மாதக் கோர்ஸையும் ஒரே கூடையில் போட்டுவிட்டீர்கள்.

உப்பளம் வரைமேசை:
ஒப்புக்கொள்கிறேன் சார், அது என் தவறு. ஐ.டி.ஐ.யில் படித்த பையன்கள் செக்‌ஷன் வெட்டுவதில் மற்றவர்களைவிடத் தெளிவு. ஆனால் அந்தச் செவ்வகம் வரைந்தவனும் ஐ.டி.ஐ.தான். தம்பி, நீங்கள் செக் லைன் எடுத்திருக்கிறீர்களா?

மஞ்சக்குப்பம் தம்பி:
எடுத்திருக்கிறோம் அண்ணா, மைதானத்தில். ஓர் அறைக்குள்ளும் அது வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, எனக்கும் தோன்றவில்லை. கடலூர் ஓல்டு டவுனில் தாத்தா வீடு இருக்கிறது, திண்ணை, முற்றம் எல்லாம் அப்படியே. அதை அளந்து வரைந்தால் காட்ட எடுபடுமா?

உப்பளம் வரைமேசை:
நன்றாக எடுபடும். மொத்த வீடும் வேண்டாம், முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும் போதும். பிளான் ஒன்று, முற்றத்தை வெட்டி ஒரு செக்‌ஷன், தூண் ஒன்றைப் பெரிதாக்கி ஒரு டீடெய்ல். இதோடு உங்கள் கைக்குறிப்புத் தாளையும் அப்படியே ஸ்கேன் செய்து வையுங்கள். கறை பட்டிருந்தால் இருக்கட்டும், அதை யாராலும் திருட முடியாது. அளக்கும்போது ஒவ்வொரு துண்டாக அளந்து கூட்டாமல், டேப்பை மூலையில் ஒரே இடத்தில் பிடித்து எல்லாவற்றையும் வரிசையாகப் படியுங்கள். துண்டுக்கு அரை சென்டிமீட்டர் தப்பினாலும் பத்துத் துண்டில் ஐந்தாகிவிடும். 22 ரெண்டரில் நல்லதாக மூன்றை வைத்துக்கொண்டால் போதும்.

பழைய பொதுப்பணி:
வரையட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தேர்வு அறிவிப்பு வரும்போது தாத்தா வீட்டுத் தூணை எந்தக் கட்டத்தில் ஒட்டுவான் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

ரெட்டியார்பாளையம் சைட்:
இரண்டுக்கும் முயற்சி செய்யட்டுமே சார், ஐ.டி.ஐ. சான்றிதழ்தான் ஏற்கெனவே கையில் இருக்கிறதே. தம்பி, துணி டேப் எடுத்துப் போகாதீர்கள், இழுத்தால் நீளும். ஸ்டீல் டேப், கூட ஒரு ஆள். மூலைவிட்டம் எடுக்கும்போது தனியாளாக இருந்தால் நடுவில் தொய்ந்துவிடும்.