டேலியில் பழைய சரக்கே இல்லை, அலமாரியில் தூசி படிந்து கிடக்கிறது: உதவி தேவை

திண்டுக்கல் கடை: எங்கள் ஹார்டுவேர் கடையில் ஏறத்தாழ 18 லட்சம் ரூபாய்ச் சரக்கு இருந்தும், புதுச் சரக்கு எடுக்கக் கையில் பணமில்லை. ஓடாததைக் கண்டறிய டேலியில் `Ageing Analysis` பார்த்தால், 180 நாளுக்கு மேற்பட்டது எதுவுமே இல்லை என்கிறது. மூன்று வருடமாக அசையாத பெட்டிகள் என் கண்ணெதிரே இருக்கின்றன. எல்லாவற்றையும் பாதி விலைக்குத் தள்ளிவிடலாமா? அவசரம்.

வண்ணக்கடை: என்ன சரக்கு என்று சொல்லவில்லையே? என் கடையில் நிறம் கலந்தபின் வாங்காமல் போன பெயிண்ட் டப்பாக்கள்தாம் தேங்கின. வாசலில் பலகை வைத்தேன். ஒரே மாதத்தில் தீர்ந்துவிட்டன.

மூத்த வியாபாரி: இதே கேள்விக்கு இங்கே பலமுறை விடை சொல்லிவிட்டேன்; தேடிப் படிக்கும் வழக்கம்தான் யாருக்கும் இல்லை. கொள்முதல் பில்லைத் தவறான தேதியில் பதிந்திருப்பீர்கள். கணக்குத் தெரியாமல் கடை நடத்தினால் இப்படித்தான்.

கணக்கர் அக்கா: தேதிப் பிழை என்றால் சில பொருள்களில்தான் வரும், எல்லாவற்றிலும் வராது. தம்பி, ஒவ்வொரு ஏப்ரல் 1-ஆம் தேதியும் டேலியில் புது நிறுவனம் திறந்து, மீதச் சரக்கைத் தொடக்க இருப்பாக ஏற்றுகிறீர்களா? பொருள்களுக்கு அளவுவாரியாகத் தனிப்பெயர் உண்டா?

திண்டுக்கல் கடை: ஆம், வருடந்தோறும் புது நிறுவனம்தான், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்தேன். ஜி.ஐ. எல்போ, யூனியன் போன்ற குழாய் இணைப்புகள் எல்லாம் 'ஜி.ஐ. ஃபிட்டிங்ஸ்' என்ற ஒரே பெயரில் உள்ளன.

கணக்கர் அக்கா: அப்படியென்றால் இரண்டு மறைப்புகள் இருக்கின்றன. தொடக்க இருப்பாக ஏறிய சரக்குக்கு ஏப்ரல் 1-இலிருந்தே வயது கணக்காவதால், பத்து வருடப் பழைய யூனியனும் இந்த ஆகஸ்டில் ஐந்து மாதக் குழந்தையாகத் தெரியும். அதோடு, நாள்தோறும் விற்கும் அரை அங்குல எல்போவின் ஓட்டம், அதே பெயருக்குள் உறங்கும் பெரிய அளவுகளையும் ஓடுவதாகக் காட்டிவிடும். ஆகவே கொள்முதல் வயதை விட்டுவிட்டு, கடைசியாக விற்ற தேதியைத் தேடுங்கள். பழைய நிறுவனக் கோப்புகளைத் திறந்து பார்க்கலாம். பெயர் பிரிக்காதவற்றுக்கு ஒவ்வொரு பெட்டியின் வாயிலும் தேதி எழுதிய காகித நாடாவை ஒட்டி, 90 நாள் கழித்து எது கிழியாமல் இருக்கிறது என்று பாருங்கள். தார்ப்பாய், சுண்ணாம்பு மட்டை போன்ற பருவச் சரக்கை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

திண்டுக்கல் கடை: ஜி.ஐ.யை மட்டும் பிரித்து எண்ணி, பில் புத்தகத்தோடு ஒப்பிட்டேன். 1¼ அங்குல யூனியன் 140 இருக்கிறது. அசல் விலை ஒன்றுக்கு 120 ரூபாய். கடந்த பன்னிரண்டு மாதத்தில் விற்றது ஆறு.

இரும்புக்கடை ஐயா: அந்த வேகத்தில் விற்றால் தீர இருபத்துமூன்று வருடம் ஆகும். ஆழ்துளைக் கிணற்றில் ஜி.ஐ. குழாய் இறக்கிய காலத்தில் இது ஓடிய சரக்கு. இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் குழாய் இறக்குகிறார்கள். ஆனாலும் பழைய கிணறு பழுதானால் தேடி வருகிறவர் விலை பேசமாட்டார். எனவே இரண்டு வருடத் தேவையாகப் பன்னிரண்டை முழு விலைக்கு வைத்துக்கொண்டு, 128-ஐ மட்டும் தள்ளுங்கள். வாசலில் பலகை வைத்துப் பயனில்லை, வழிப்போக்கருக்கு யூனியன் எதற்கு? மோட்டார் பழுது பார்ப்பவர்களிடம் மொத்தமாகக் கேளுங்கள். காயலான் கடை கடைசி வழி. வார்ப்பிரும்பு எடைக்கு அசலில் கால்பங்குகூடத் தேறாது. பித்தளைக் குழாய்களின் கதை வேறு, அவற்றை எடை போட்டுப் பார்த்த பிறகே தள்ளுபடி சொல்லுங்கள்.

மூத்த வியாபாரி: அசலுக்குக் கீழே விற்றால் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதை யாரும் சொல்லவில்லை.

கணக்கர் அக்கா: விலை குறைத்து விற்பதற்கு அப்படி விதி இல்லை, விற்ற விலைக்கு வரி கட்டினால் போதும். இலவசமாகக் கொடுத்தாலும், அழித்தாலும், கணக்கிலிருந்து தள்ளினாலும்தான் ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5)(எச்) பிரிவின்படி உள்ளீட்டு வரி வரவைத் திருப்ப வேண்டும்.

வண்ணக்கடை: 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' போட்டால்?

கணக்கர் அக்கா: ஒரே விலைக்கு இரண்டு பொருள் விற்றதாகவே 2019 மார்ச் சுற்றறிக்கை அதைக் கொள்கிறது, வரவு போகாது.

மூத்த வியாபாரி: எங்கள் ஆடிட்டர் வேறு மாதிரிச் சொன்னார்.

இரும்புக்கடை ஐயா: அவரிடம் எந்தப் பிரிவு என்று எழுதி வாங்கிப் போடுங்கள், நாங்களும் தெரிந்துகொள்கிறோம். தம்பி, குழாய் ஒட்டும் சொல்யூஷன் டப்பாக்களையும் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கூழாகி அசையாதிருந்தால் அது விற்கும் சரக்கே அல்ல. தின்னர் ஊற்றி விற்றால் இணைப்பு கசியும். பழி உங்கள் கடைமேல் விழும்.

திண்டுக்கல் கடை: மோட்டார் பழுது பார்ப்பவர் ஒருவர் 60 யூனியனை 75 ரூபாய் வீதம் எடுத்துக்கொண்டார். மொத்த வியாபாரி திரும்ப வாங்க மறுத்துவிட்டார். சொல்யூஷனில் 31 டப்பா கூழாகிக் கிடக்கிறது. நாடா ஒட்டியிருக்கிறேன்.