சாக்லேட் கேக்கில் கசக்கும் புள்ளிகள்: மா சலிக்காததுதான் காரணமா?

ஹட்டன் மருமகள்
எல்லோருக்கும் வணக்கம். ஞாயிற்றுக்கிழமை மகனின் பிறந்தநாளுக்கு சாக்லேட் கேக் செய்தேன். வெட்டிப் பார்த்தால் உள்ளே கடுகளவிலும் மிளகளவிலும் புள்ளி புள்ளியாக இருக்கிறது. சில வெள்ளை. சில மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். வெள்ளையைக் கடித்தால் வெறும் பச்சை மா. பழுப்பைக் கடித்த மாமனார், "சவர்க்காரம் மாதிரி இருக்கேம்மா" என்று தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். நடுவும் லேசாகக் குழிந்திருந்தது.

சேர்த்தது: கோதுமை மா 2 கப், கொக்கோ முக்கால் கப், அப்பச் சோடா ஒன்றரை தேக்கரண்டி, பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, சீனி, 2 முட்டை, பால், எண்ணெய், கடைசியில் ஒரு கப் சுடுதண்ணீர். குறிப்பில் "சலித்த மா" என்று இருந்தது. நான் சலிக்கவில்லை. எப்போதும் செய்யும் பேரீச்சம்பழ கேக்குக்கும் சலிப்பதே இல்லை. அதிலும் இதே சோடாதான், ஒரு நாளும் இப்படி வந்ததில்லை. அப்படியென்றால் சலிக்காதது காரணமா, வேறு ஏதாவதா?

நுவரெலியா குளிர்
மருமகள், இது உயரத்தின் வேலை. நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர். எங்களுக்குத் தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் குறைவு என்பதால் சோடாவின் வாயு கூடுதலாக விரியும், கேக் சட்டென்று எழும்பிப் பிறகு அமுங்கும். நீங்கள் ஹட்டனில், 1,270 மீட்டர் வரும். சோடாவைக் கால் தேக்கரண்டி குறையுங்கள், எல்லாம் சரியாகிவிடும். அதோடு மாவை மூன்று தரம் சலியுங்கள். எவ்வளவு சலிக்கிறோமோ அவ்வளவு காற்று ஏறும், அவ்வளவு எழும்பும்.

பண்டாரவளை மாமி
பிள்ளை, அரிக்காமல் விட்டால் கட்டி வராமல் என்ன செய்யும்? நான் கோதுமை மாவைத் துணியில் கட்டி அவித்து, ஆவி போகமுன் அரிதட்டில் போட்டுக் கையால் தேய்த்து அரிப்பேன். ஆறவிட்டால் கல்லாகிவிடும், பிறகு இடித்துத்தான் அரிக்க வேண்டும். அப்படி அரித்தால்தான் இடியப்பம் உரலில் அடைக்காமல் இறங்கும். நீர் சூட்டோடு அரித்தீரா?

ஹட்டன் மருமகள்
மாமி, நான் கேட்டது கேக்குக்கு. மாவை அவிக்கவில்லை, பச்சை மாதான்.

பண்டாரவளை மாமி
ஓ, கேக்கா. கண்ணாடி போடாமல் வாசித்துவிட்டேன். இருந்தாலும் அரிக்கத்தான் வேண்டும்.

தலவாக்கலை பேக்கரிக்காரர்
மருமகள் தங்கச்சி, முதலில் அந்தப் பழுப்புப் புள்ளி என்னவென்று பார்த்துவிடுவோம். மிச்சம் இருந்தால் ஊசி முனையால் ஒரு புள்ளியை மட்டும் நோண்டி எடுத்து வெள்ளைச் சோசரில் வையுங்கள். கேக்கின் கறுப்பு ஒட்டாமல் எடுக்க வேண்டும். மஞ்சள் தூளைத் தண்ணீரில் கரைத்து அதன்மேல் ஒரு சொட்டு விடுங்கள். மஞ்சளாகவே இருந்தால் அது மாக்கட்டி. சிவந்தால் சோடா. சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்குமே, அதே கதைதான். வெள்ளைப் புள்ளிக்கும் தனியாகச் செய்து பாருங்கள்.

அப்பச் சோடா எங்கே வாங்கியது, எப்படி வைத்திருந்தீர்கள் என்றும் சொல்லுங்கள்.

ஹட்டன் மருமகள்
அண்ணே, செய்து பார்த்தேன். பழுப்பு நல்ல செங்கல் சிவப்பாகிவிட்டது! வெள்ளைப் புள்ளியில் மஞ்சள் மஞ்சளாகவே இருக்கிறது.

சோடா கடையில் சின்னப் பொலித்தீன் பையில் கட்டித் தருவதுதான். வாங்கி இரண்டு மாதம் இருக்கும். பையின் வாயை முடிந்து அடுப்புக்குப் பக்கத்துத் தட்டில் வைத்திருந்தேன். இந்த மாதம் முழுக்க மிஸ்ட், உப்புப் போத்தலே கசிகிறது. இப்போது கிள்ளிப் பார்த்தால் சோடாவில் சின்னச் சின்னக் கட்டி இருக்கத்தான் செய்கிறது. விரலால் நசுக்கினால் உடைகிறது, ஆனால் தானாக உதிரவில்லை.

தலவாக்கலை பேக்கரிக்காரர்
அப்படியானால் இரண்டு தனித்தனிக் குற்றவாளிகள். வெள்ளை, மாக்கட்டி. அது சாப்பிட நன்றாக இருக்காது, அவ்வளவுதான். மாமனாரின் முகத்தைச் சுளிக்க வைத்தது சோடாக் கட்டி. ஈரக் காற்றில் சோடா இறுகிவிடும். மாவுக்கலவைக்குள் ஒரு கட்டி போனால் மேற்புறம் மட்டும் நனைந்து உள்ளே அப்படியே கிடக்கும். பாலிலும் கொக்கோவிலும் உள்ள புளிப்பு அதன் நடுவுக்குப் போய்ச் சேராது. ஓவன் சூட்டில் அந்தச் சோடா சலவைச் சோடாவாக மாறிவிடும். அதுதான் சவர்க்கார ருசி. சுற்றியுள்ள மாவையும் பழுப்பாக்கும்.

பேரீச்சம்பழ கேக் ஏன் தப்பித்தது? அதற்குச் சோடாவை எப்போது போடுவீர்கள்?

ஹட்டன் மருமகள்
பழத்தைக் கொதிதண்ணீரில் போட்டு, அதன்மேல் சோடாவைத் தூவி ஒரு மணி நேரம் ஊற வைப்பேன்.

தலவாக்கலை பேக்கரிக்காரர்
அங்கேயே கரைந்துவிடுகிறது. கரைந்த பொருளுக்குக் கட்டி ஏது? அதனால் உங்கள் கைக்கு அந்த கேக் சலிக்காமலேயே நன்றாக வந்தது. இந்தச் சாக்லேட் கேக்கில் சோடா காய்ந்த மாவோடு சேருகிறது, அதுவும் மோர் பதத்துக் கலவைக்குள். தளதளப்பான கலவையில் கட்டி உடையாது, கரண்டியைக் கண்டால் வழுக்கி ஒதுங்கிவிடும். உடைக்கிறேன் என்று அடித்துக்கொண்டே இருந்தால் கோதுமை மா இழுபடத் தொடங்கும். கேக் ரப்பர் மாதிரி வரும், உள்ளே நீள நீளமாகப் பொந்து விழும்.

சலிப்பதா வேண்டாமா என்று நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மா விழுந்த பிறகு அதைப் பலமாகக் கலக்க முடியுமா? ரொட்டிக்கும் பாணுக்கும் முடியும், கை போட்டுப் பிசைகிறோம். கட்டி எங்கே தப்பும்? பேக்கரியில் பாண் மாவைச் சலிப்பது மூட்டை நூலும் குப்பையும் போகத்தான். வீட்டில் புதுப் பாக்கெட் பிரித்துத் தேங்காய் ரொட்டி சுடுகிறவர் சலிக்காவிட்டால் ஒன்றும் ஆகாது. முட்டையை நுரைக்க அடித்துச் செய்யும் ஸ்பொன்ஜ் நேர்மாறானது. மாவைப் போட்டு நாலு தரம் மடித்தால் போதும், அதற்கு மேல் கை வைத்தால் நுரை இறங்கும். அதற்கு எவ்வளவு சோம்பலாக இருந்தாலும் சலித்தே ஆக வேண்டும். உங்கள் சாக்லேட் கேக்கும் அந்தப் பக்கம்தான்.

நுவரெலியா குளிர்
அப்போது உயரம் காரணமில்லை என்கிறீர்களா? எங்கள் வீட்டில் ஒவ்வொரு கேக்கும் குழிகிறதே.

தலவாக்கலை பேக்கரிக்காரர்
குழிவுக்கு அது காரணமாக இருக்கலாம் தம்பி, நீங்கள் சொன்னதில் பிழையில்லை. புள்ளிக்குக் காரணம் அது இல்லை. சோடாவைக் குறைத்தாலும் கட்டி கட்டிதான், புள்ளி எண்ணிக்கை குறையும். மருமகளின் கேக் குழிந்தது உயரத்தாலா, சோடா சமமாகக் கலக்காததாலா, இடையில் ஓவனைத் திறந்ததாலா என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

மூன்று தரம் சலிப்பதை நான் ஏற்கவில்லை. சலித்த மா பொலபொலவென்று இருக்கும், உண்மை. பாலை ஊற்றிக் கலக்கும்போதே அந்தக் காற்றில் பெரும்பகுதி போய்விடும். பட்டர் கேக்கைத் தூக்குவது பட்டரும் சீனியும் அடித்த காற்றும் பேக்கிங் பவுடரும்தான்.

நுவரெலியா குளிர்
எங்கள் அம்மா மூன்று தரம்தான் சலிப்பார். அவருடைய கேக் மாதிரி எனக்கு இன்னும் வரவில்லை. உங்கள் கணக்கு எதுவானாலும் நான் மூன்றை விடமாட்டேன்.

ஊவா பொண்ணு
இடையில் ஒரு சந்தேகம். "சலித்த மா 2 கப்" என்றால் சலித்துவிட்டு அளப்பதா, அளந்துவிட்டுச் சலிப்பதா? எனக்கு கேக் எப்போதும் வறண்டே வருகிறது.

தலவாக்கலை பேக்கரிக்காரர்
சலித்துவிட்டு அளப்பது. "2 கப் மா, சலித்தது" என்று எழுதியிருந்தால் அளந்துவிட்டுச் சலிப்பது. எழுதுகிறவர்களே இதில் குழப்புவார்கள். டின்னுக்குள் கப்பை விட்டு அமுக்கி அள்ளினால் ஒரு கப் 150 கிராம் வரை வரும். சலித்த மாவைக் கரண்டியால் கப்பில் நிரப்பினால் 115 கிராம் போல வரும். இரண்டு கப்பில் 70 கிராம் வித்தியாசம், அதற்கு மேல் வறட்சிக்குக் காரணம் தேட வேண்டாம். தராசு இருந்தால் இந்த வம்பே இல்லை. 230 கிராம் சலிக்கும் முன்னும் 230 கிராம்தான்.

ஹட்டன் மருமகள்
நானும் டின்னுக்குள் விட்டுத்தான் அள்ளினேன்! அதனால்தான் விளிம்பு வறண்டிருந்தது போல.

சரி அண்ணே, அடுத்த முறை எப்படிச் செய்வது? வீட்டில் இருப்பது அரிசி மா சலிக்கும் பெரிய சல்லடை. அதன் கண் கொஞ்சம் பெரிது.

தலவாக்கலை பேக்கரிக்காரர்
மாவுக்கு அது போதும். சோடா, பேக்கிங் பவுடர், கொக்கோ மூன்றையும் தேத்தண்ணி வடியில் போட்டு, கரண்டியின் முதுகால் தேய்த்து மாவின்மேல் விழவிடுங்கள். வடியில் தங்கும் கட்டியைக் குப்பை என்று தட்டிவிடாதீர்கள், அது நீங்கள் அளந்துபோட்ட சோடா. நசுக்கி இறக்க வேண்டும். பிறகு எல்லாவற்றையும் முள்ளுக்கரண்டியால் அரை நிமிடம் நன்றாகக் கிளறுங்கள். ஒரு தரம் சலித்துவிட்டால் சோடா எங்கும் பரவிவிடும் என்று நினைக்கிறோம், உண்மையில் அது விழுந்த இடத்திலேயே அடுக்காகக் கிடக்கும். பரப்புவது கிளறல்தான்.

கொக்கோவுக்குச் சல்லடையைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. குறிப்பில் உள்ள சுடுதண்ணீரில் கொக்கோவைத் தனியாகக் கரைத்துப் பசையாக்கி ஊற்றுங்கள். அந்தத் தண்ணீரிலேயே சோடாவையும் போடலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். கொக்கோவின் புளிப்புப் பட்டதும் கிண்ணத்திலேயே பொங்கி, கேக்கைத் தூக்க வேண்டிய வாயுவில் ஒரு பங்கு வீணாகும்.

சோடாவை மூடி இறுகும் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றுங்கள். அடுப்புப் பக்கம் வைத்தால் காயும் என்று நினைத்திருப்பீர்கள், கேத்தல் ஆவி முழுக்க அங்கேதான் போகிறது.

பண்டாரவளை மாமி
லவ் கேக்குக்கு ரவையையும் அரிக்க வேணுமோ தம்பி?

தலவாக்கலை பேக்கரிக்காரர்
வேண்டாம் மாமி. ரவை கட்டி பிடிக்காது. வண்டு இருக்கிறதா என்று தாம்பாளத்தில் பரப்பிப் பார்த்தால் போதும்.

ஹட்டன் மருமகள்
நேற்று மறுபடியும் செய்தேன். மா 230 கிராம், சோடாவும் கொக்கோவும் வடியில் தேய்த்து இறக்கினேன். வடியில் நாலைந்து சோடாக் கட்டி நின்றது, அதையும் நசுக்கிவிட்டேன். வெட்டினால் ஒரு புள்ளி கிடையாது, கசப்பும் இல்லை. மாமனார் இரண்டு துண்டு சாப்பிட்டார். நடு மட்டும் இன்னும் கொஞ்சம் குழிகிறது.

நுவரெலியா குளிர்
நான் சொன்னேனே, உயரம்! சோடாவை ஒன்றேகால் தேக்கரண்டியாக்கிப் பாருங்கள்.

ஹட்டன் மருமகள்
சரி அண்ணே, அடுத்த ஞாயிறு பார்க்கிறேன். இன்னொன்று, சல்லடையைக் கழுவினேன், கண்ணெல்லாம் பசை மாதிரி அடைத்துக்கொண்டது. இந்தக் குளிரில் காயவும் மாட்டேன் என்கிறது.

தலவாக்கலை பேக்கரிக்காரர்
கழுவவே கூடாது தங்கச்சி. தட்டிவிட்டு, காய்ந்த பிரஷ்ஷால் துடைத்து மாட்டிவிட வேண்டும். இப்போதைக்குப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டுப் பழைய பல் தூரிகையால் தேயுங்கள். சுடுதண்ணீர் விட்டால் மா வெந்து இன்னும் ஒட்டும்.