50 யூரோ வரம்பு என்கிறார்கள், பில் 59.90 வருகிறது

லாசப்பல் குணா:
வெளிநாட்டில் டேட்டா பாவித்தால் 50 யூரோவோடு சட்டப்படி நிறுத்திவிடுவார்கள் என்று இங்கே ஒருவர் போன கிழமை அடித்து எழுதியிருந்தார். பொய். பிரெஞ்சு சிம்மோடு சூரிச்சில் ஒரு கலியாணத்துக்குப் போய் வந்தேன். பில் 59.90. நாம் எவ்வளவு பாவித்தோம் என்று சுவிஸ் கம்பெனி பிறகுதான் இங்கே கணக்கு அனுப்புகிறது. அதுவரை நம்முடைய கம்பெனிக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததை எப்படி நிறுத்துவார்கள்?

மேகலா:
அடித்து எழுதியது நான்தான். ரோமிங் பில்லிங்கில் வேலை செய்கிறேன், அதனால் பொய் என்ற சொல்லைச் சும்மா விட மாட்டேன். பில்லின் இரண்டாம் பக்கத்தில் வரி சேராத தொகை HT என்றும் வரி சேர்த்த தொகை TTC என்றும் இரண்டு நிரல்கள் இருக்கும். இரண்டையும் இங்கே போடுங்கள்.

லாசப்பல் குணா:
HT 49.92. வரி 9.98. TTC 59.90. என் வங்கிக் கணக்கிலிருந்து போனது 59.90. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும், 59.90 என்பது 50ஐ விடக் கூட.

மேகலா:
சட்டத்தில் இருப்பது வரி நீங்கலாக 50 யூரோ, அதுவும் ஒரு பில்லிங் மாதத்துக்கு. பிரான்சில் வரி 20 சதவீதம், ஆகவே 60 வரை போகலாம். உங்கள் கணக்கு 49.92இல் நின்றிருக்கிறது. வரம்பு வேலை செய்ததற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? 2010 ஜூலை முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லா வாடிக்கையாளருக்கும் இது தானாகவே உண்டு. 2012இலிருந்து ஒன்றியத்துக்கு வெளியே போகும்போதும் உண்டு. சுவிஸ் ஒன்றியத்தில் இல்லை, அதனால் விலைக்கு அங்கே கட்டுப்பாடு கிடையாது. உங்களைக் காப்பாற்றியதே இந்த வரம்பு ஒன்றுதான்.

லாசப்பல் குணா:
காப்பாற்றியதா? 59.90 கட்டியவன் நான். வரியை நான் கட்டாமல் வரம்பா கட்டியது?

தர்மா_லியோன்:
குணா அண்ணை சொல்வதில் விஷயம் இருக்கிறது. போகிற நாட்டுக் கம்பெனி TAP என்ற கோப்பில்தான் கணக்கு அனுப்பும். அது ஒரு கிளியரிங் நிறுவனம் வழியாக வந்து சேர நாள்கணக்கில் ஆகலாம். மோசடியைப் பிடிக்க வேகமாக அனுப்பும் தகவலுக்கே நான்கு மணி நேரம் வரை அவகாசம் உண்டு. 4ஜியில் நான்கு மணி நேரம் என்றால் எத்தனை ஆயிரம் யூரோ என்று மேகலா கணக்குப் பார்க்கட்டும்.

மேகலா:
தர்மா, TAP இருப்பது உண்மை, நான்கு மணி நேரமும் உண்மை. ஆனால் அது இரண்டு கம்பெனிகள் தங்களுக்குள் காசு தீர்த்துக்கொள்வதற்கும் மோசடி பிடிப்பதற்கும். வாடிக்கையாளரின் டேட்டாவை நிறுத்த யாரும் அதற்காகக் காத்திருப்பதில்லை.

ரோமிங்கில் உங்கள் டேட்டா பெரும்பாலும் சூரிச்சிலிருந்து நேரே இணையத்துக்குப் போவதில்லை. சுவிஸ் கோபுரத்துக்குப் போய், அங்கிருந்து பிரான்சில் இருக்கும் உங்கள் சொந்தக் கம்பெனியின் வாசலுக்கு வந்து, அதற்குப் பிறகுதான் வெளியே போகிறது. ஒவ்வொரு கிலோபைட்டும் நம் வாசலைத் தாண்டுகிறது, நாமே எண்ணுகிறோம். சோதித்துப் பார்க்க ஆசையா? அடுத்த முறை சூரிச்சில் வைஃபையை அணைத்துவிட்டு, ஐபி முகவரி எந்த நாடு என்று காட்டும் ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து பாருங்கள். பிரான்ஸ் என்று காட்டினால் எண்ணுவது நம் கம்பெனிதான்.

அந்த வாசல், பில்லிங் கணினியிடம் கொஞ்சம் கொஞ்சமாக அனுமதி வாங்கித்தான் டேட்டாவை விடும். ஒரு துண்டு முடிந்ததும் அடுத்த துண்டு கேட்கும். 50க்குள் அடுத்த துண்டு அடங்காது என்றால் கிடைக்காது, இணைப்பு நிற்கும். குணாவின் பில் 50.00 ஆக இல்லாமல் 49.92 ஆக இருப்பது அதனால்தான்.

லாசப்பல் குணா:
49.92 இல்லை, 59.90.

பாசல் கரன்:
குணா அண்ணை, கலியாண மண்டபத்தில் வைஃபை இருந்திருக்குமே? இங்கே எல்லா மண்டபத்திலும் இருக்கிறது. பாரிசிலிருந்து வருபவர்கள் ஒருவரிடமும் கேட்க மாட்டார்கள், பிறகு சுவிசைத் திட்டுவார்கள்.

லாசப்பல் குணா:
மண்டபத்தில் இருந்த வைஃபைக்குக் கடவுச்சொல் பெண் வீட்டாருக்கு மட்டும். சுவிஸ்காரரின் விருந்தோம்பல் எங்களுக்குத் தெரியும். மூன்று பேருக்கு ஒரு வடை வைத்தவர்கள் நீங்கள்.

பாசல் கரன்:
வடையை இங்கே இழுக்க வேண்டாம். உங்கள் ஆட்கள் ஐம்பது பேர் என்று சொல்லி எழுபது பேர் வந்தார்கள்.

சென்னை வாசு:
எனக்கும் இதே கதைதான். துபாய் போனேன், போஸ்ட்பெய்ட் நம்பர், கிரெடிட் லிமிட் 3000 ரூபாய். பேக் போட்டிருந்தேன், அது தீர்ந்தது தெரியவில்லை. பில் 14 ஆயிரத்துக்கு மேல். 50 யூரோ என்றால் சுமார் 5000 ரூபாய்தானே? மீதியைத் திருப்பிக் கேட்கலாமா மேடம்?

மேகலா:
வாசு சார், அந்தச் சட்டம் ஐரோப்பிய சிம்முக்கு. உங்கள் சிம் இந்தியாவினுடையது, அதனால் 50 யூரோ கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கிரெடிட் லிமிட் என்பது உங்கள் பையைக் காக்க வைத்தது அல்ல, நீங்கள் கட்டாமல் போனால் கம்பெனிக்கு எவ்வளவு நட்டம் என்று அவர்கள் தங்களுக்காக வைத்துக்கொண்டது. தாண்டினால் நிறுத்தியே ஆக வேண்டும் என்ற வாக்கு அதில் இல்லை. பேக் தீர்ந்ததும் டேட்டா நிற்குமா, சாதாரண கட்டணத்தில் ஓடிக்கொண்டே இருக்குமா என்பதை நீங்கள் போட்ட பேக்கின் நிபந்தனையில் பாருங்கள். நிற்கும் என்று எழுதியிருந்தால் உங்கள் முறையீடு பலமானது.

சென்னை வாசு:
நிபந்தனை எல்லாம் யார் சார் படிக்கிறார்கள். லிமிட் என்று எழுதியிருந்தால் லிமிட்தானே.

தர்மா_லியோன்:
மேகலாவுக்கு ஒரு கேள்வி. போகிற நாட்டுக் கம்பெனி உடனுக்குடன் எண்ண விடாவிட்டால் இந்த வரம்பு பொருந்தாது என்று அதே சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது. இருக்கிறதா இல்லையா?

மேகலா:
இருக்கிறது. ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளுக்கு மட்டும். அப்படியென்றால் அந்த நாட்டுக்குள் நுழைந்ததுமே, இங்கே வரம்பு உத்தரவாதம் கிடையாது என்று இலவசமாக ஒரு எஸ்எம்எஸ் அனுப்பியாக வேண்டும்.

தர்மா_லியோன்:
ஆக, ஒப்புக்கொண்டாயிற்று. உடனுக்குடன் எண்ண முடியாத இடம் உண்டு.

மேகலா:
உண்டு என்று சட்டம் சொல்வதை நான் எங்கே மறுத்தேன்? சூரிச் அப்படிப்பட்ட இடமா என்பதுதான் கேள்வி. குணா, எல்லை தாண்டியதும் வந்த எஸ்எம்எஸ்ஸில் என்ன இருந்தது?

லாசப்பல் குணா:
நாலைந்து வந்தது. வரவேற்கிறோம், விலை இது, அது. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். ஆனால் ஒன்று நினைவிருக்கிறது. 80 சதவீதம் முடிந்தது என்ற எச்சரிக்கையும் நிறுத்திவிட்டோம் என்ற செய்தியும் ஒரே நேரத்தில் வந்து விழுந்தன. முன்கூட்டிச் சொல்வது எச்சரிக்கையா, செத்த பிறகு சொல்வது எச்சரிக்கையா?

தர்மா_லியோன்:
பார்த்தீர்களா! உடனுக்குடன் எண்ணவில்லை என்பதற்கு அதுவே சான்று.

மேகலா:
அது எதற்கும் சான்று இல்லை. குணா, பில்லில் எத்தனை கிலோபைட், என்ன விலை?

லாசப்பல் குணா:
4992 கிலோபைட். வரி இல்லாமல் ஒரு கிலோபைட்டுக்கு ஒரு சதம். 5 எம்பி கூட இல்லை, அதற்கு 59.90!

மேகலா:
சரி, இப்போது கணக்குப் பாருங்கள். எச்சரிக்கை 40 யூரோவில் கிளம்ப வேண்டும். 40இலிருந்து 50 வரை 10 யூரோ, அதாவது 1000 கிலோபைட். கலியாணத்தில் எடுத்த ஒரு நல்ல படமே அதைவிடப் பெரிது. 4ஜியில் அது இறங்கச் சில நொடிகள் போதும். 40இல் கிளம்பிய எஸ்எம்எஸ் உங்கள் கைக்கு வருவதற்குள் மீதி 10 யூரோவும் தீர்ந்துவிடும். எண்ணியது சரியான நேரத்தில், சொன்னது பிந்திவிட்டது. இந்த விலை இருக்கும் வரை 80 சதவீத எச்சரிக்கையால் யாருக்கும் பயனில்லை என்று எங்கள் அலுவலகத்திலும் நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். விலை கொள்ளை என்று நீங்கள் சொன்னால் நானும் கூட நிற்பேன். வரம்பு பொய் என்றால் நிற்க மாட்டேன்.

எல்லை தாண்டுமுன் டேட்டா ரோமிங்கை அணைப்பது ஒன்றுதான் சுவிசுக்கு உருப்படியான வழி. வாட்சப்பில் ரோமிங்கின்போது படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்திவையுங்கள். பாசலுக்குப் பக்கத்தில் பிரான்ஸ் பக்கம் குடியிருப்பவர்கள் நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்து வைக்க வேண்டும், வீட்டுக்குள் இருந்தே சுவிஸ் கோபுரத்தில் போன் ஒட்டிக்கொள்ளும்.

பாசல் கரன்:
அது உண்மை. என் அக்கா வீடு செந்லூயியில். ஒவ்வொரு ஞாயிறும் சண்டை. இங்கே எங்கள் சிம்முக்கு நாங்களே கணக்குப் பக்கத்தில் வரம்பு வைத்துக்கொள்கிறோம். பாரிஸ்காரர்களுக்குக் கம்பெனி வைத்துக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

லாசப்பல் குணா:
கரன், நீர் முதலில் அந்த வடைக்குப் பதில் சொல்லும்.

மேகலா:
இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், உண்மையிலேயே ஆபத்தானது இதுதான். நிறுத்தியதும் ஒரு செய்தி வரும்: தொடர வேண்டுமானால் இதற்குப் பதில் அனுப்புங்கள், இன்ன விலை. பதில் அனுப்பினால் அந்த 50இன் பாதுகாப்பு போய்விடும். நான் பார்த்த முறையீடுகளில் பெரிய தொகைகள் எல்லாம் இப்படி வந்தவை. பிள்ளை கையில் போன் இருக்கும், ஹாட்ஸ்பாட்டில் இரண்டு டேப்லெட் ஓடும், படம் நின்றுவிட்டதே என்று பிள்ளையே அந்தப் பதிலை அனுப்பிவிடும். கப்பலும் விமானமும் தனி. அங்கே செயற்கைக்கோள் வழியாகப் போகிறது, கப்பலோ விமானமோ கிளம்பும் முன் போனை விமான முறைக்கு மாற்றிவிடுங்கள்.

தர்மா_லியோன்:
விலக்கு இருக்கிறது என்று நான் சொன்னதற்கு இன்னும் பதில் இல்லை. எந்தெந்த நாட்டுக் கம்பெனிகள் எண்ண விடுவதில்லை? பட்டியல் போடுங்கள்.

மேகலா:
அது ஒவ்வொரு கம்பெனியும் போடும் ஒப்பந்தத்தைப் பொறுத்தது, பொதுப் பட்டியல் எதுவும் என் கையில் இல்லை. உங்களுக்கு வரும் எஸ்எம்எஸ்தான் பட்டியல். அதைத்தான் குணா அழித்துவிட்டார்.

தர்மா_லியோன்:
பட்டியல் இல்லாமல் "பெரும்பாலும்" என்று எப்படிச் சொன்னீர்கள்?

சென்னை வாசு:
மேடம், பேக் நிபந்தனையைத் தேடினேன், கிடைக்கவில்லை. ஆப்பில் பழைய பேக் காட்டவே மாட்டேன் என்கிறது. எங்கே பார்ப்பது?

லாசப்பல் குணா:
வாசு, இவர்களிடம் கேட்காதீர். நாளைக்கு நான் கம்பெனிக்குப் பதிவுத் தபால் அனுப்புகிறேன். 9.98 திரும்பி வர வேண்டும்.

மேகலா:
அந்த 9.98 அரசாங்கத்துக்குப் போன வரி, குணா. கம்பெனி அதைத் திருப்பித் தராது. அனுப்புவதானால், எச்சரிக்கை எத்தனை மணிக்குக் கிளம்பியது, இணைப்பு எத்தனை மணிக்கு நின்றது என்று கேட்டு எழுதுங்கள். நேரப் பதிவு அவர்களிடம் இருக்கும்.

லாசப்பல் குணா:
9.98தான் கேட்பேன்.